முட்டையின் கூர்முனை கீழே இருக்கட்டும்
(குரும்பலூர் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெருநாளுக்கு வட்டிலாப்பம் செய்ய ஒரு வாரம் முன்பே 30 முட்டை உள்ள ஒரு ட்ரே வாங்கி வைக்கிறோம். அதை எங்கே வைக்கிறோம்? பெரும்பாலும் அடுப்படி மூலையில், சின்ன வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில். பெரம்பலூர்ப் பக்கம் வெங்காயம் இல்லாத வீடு ஏது? சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

முட்டை ஓடு பார்க்க மூடியது போல இருந்தாலும், அதில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. அவற்றின் வழியே உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும்; வெளியிலுள்ள வாடை உள்ளே போகும். மஞ்சள் கருவிலுள்ள கொழுப்பு அந்த வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெங்காயம், பூண்டு, கருவாடு, பலாப்பழம், மண்ணெண்ணெய் எல்லாம் இப்படித்தான் ஏறும். காரக் குழம்பில் அது தெரியாது. தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேரும் வட்டிலாப்பத்தில் உடனே காட்டிக்கொடுக்கும்.

அதனால் முட்டையைத் தனி இடத்தில், மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். ஃபிரிட்ஜ் என்றால் கதவில் வேண்டாம். திறக்கும்போதெல்லாம் சூடும் குலுங்கலும் ஏற்படும். உள்தட்டே நல்லது. மீன் குழம்பும் நறுக்கிய வெங்காயமும் அங்கே இருந்தால் அவற்றையும் மூடி வையுங்கள். முட்டையைக் கழுவி வைக்காதீர்கள். ஓட்டின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலம் போய்விடும்.

அடுத்தது, எந்தப் பக்கம் கீழே? கூர்முனைதான். அகன்ற முனையில் ஒரு சிறு காற்றறை இருக்கிறது. காற்று மேலேயே நிற்கப் பார்க்கும். அகன்ற முனையைக் கீழே வைத்தால், காற்று மேலே ஏற முயன்று உட்சவ்வைத் தளர்த்தும். படுக்கவைத்தால், நாளாக ஆக வெள்ளைக்கரு நீர்த்து, மஞ்சள் கரு மிதந்து ஓட்டோரம் ஒட்டும். அவித்து வெட்டும்போது மஞ்சள் கரு ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாட்டுக்கோழி முட்டையில் முனை தெரியாவிட்டால், இருட்டில் டார்ச் வெளிச்சத்தின் மேல் வைத்துப் பாருங்கள். காற்றறை தெரியும் பக்கம் மேலே இருக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் தீரும் முட்டைக்கு இதனால் பெரிய வித்தியாசம் இல்லை. வாரக்கணக்கில் வைப்பதற்கே இது முக்கியம்.

பழையதா என்று அறிய, சமைக்கும் முன் தண்ணீரில் போடுங்கள். புதியது படுத்துக் கிடக்கும். நாளானது அகன்ற முனையை உயர்த்தி நிற்கும். ஈரம் போய்க் காற்றறை பெரிதாகியிருக்கும். மிதந்தால் மிகப் பழையது. எதுவானாலும் தனிக் கிண்ணத்தில் உடைத்து மோந்து பாருங்கள். அழுகல் வாடை என்றால் கொட்டிவிடுங்கள்.

வெங்காய வாடை மட்டும் அடித்தால் முட்டை கெட்டுப்போனதாகாது, வீணாக்க வேண்டாம். அந்த முட்டையை வெங்காயம் போட்ட ஆம்லெட்டுக்கு எடுத்துக்கொண்டு, வட்டிலாப்பத்துக்கு வேறு முட்டை உடையுங்கள்.