முதல் வாரத்து மயக்கம்

மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் தன் ஜூனியருக்கு எழுதிய கடிதம் இது.

"தம்பி, டிசெக்‌ஷன் ஹாலில் தலை சுற்றினால் உன்னைக் கோழை என்று நினைத்துவிடாதே. உடலைப் பார்த்த அதிர்ச்சியில் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் குறைக்கும், ரத்தக் குழாய்கள் விரியும், மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும். முழங்காலை விறைப்பாக வைத்து அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி நிலைமை மோசமாகும். அதனால் கால் மாற்றி மாற்றி நில், கெண்டைக்கால் தசையை இறுக்கித் தளர்த்து. காலைச் சாப்பாட்டை விடாதே, தண்ணீரும் குடித்துவிட்டு வா.

மயக்கம் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வரும். கொட்டாவி, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, ஆசிரியர் குரல் தூரத்தில் கேட்பது, கண் மங்குவது. வெட்கப்பட்டுக் கதவை நோக்கி நடப்பவர்கள்தான் வழியில் விழுந்து மேசை விளிம்பில் தலையை இடித்துக்கொள்கிறார்கள். நீ நின்ற இடத்திலேயே தரையில் படுத்துவிடு. காலை ஸ்டூல் மேல் தூக்கி வைக்க நண்பனிடம் சொல். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தெளியும். உடனே எழாதே, முதலில் உட்கார். நெஞ்சு வலித்தாலோ, அடிபட்டாலோ, தெளியாவிட்டாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஹாலில் கண்ணும் எரியும், அது ஃபார்மலினால். கான்டாக்ட் லென்ஸை விடுதியிலேயே கழற்றி வைத்துவிட்டுக் கண்ணாடி போட்டு வா."