முதல் வரியிலேயே விஷயம்

என் தம்பி மகன் குக்கர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். ரீல்ஸ் பார்த்துத்தான் ஆள் வரணும். ஆனால் ரீல்ஸில் வீடியோவுக்குக் கீழே முதல் வரி மட்டும்தான் கண்ணில் படும். மீதி, தொட்டால்தான் விரியும். இவன் எழுதியதோ, “வணக்கம் நண்பர்களே, இன்று நாம் பார்க்கப்போவது...” வரி அங்கேயே முடிஞ்சுபோச்சு!

“குக்கர் மூடி ஓரத்தில் ஆவி கசியுதா? கேஸ்கெட்டைப் பாருங்க” என்று மாற்றினோம். யாருக்கு, என்ன தொல்லை என்பது உடனே புரிந்தது.

ஆனால் வீடியோ கடை வாசலில் ஆரம்பித்தது. வரியை நம்பி நின்றவர் இரண்டு நொடியில் தள்ளிவிட்டுப் போய்விடுவார். அதனால் ஆவி கசியும் காட்சியை முதலில் வைத்தோம். எத்தனை பேர் எதுவரை பார்த்தார்கள் என்று காட்டும் கோடு தொடக்கத்திலேயே சரிந்தால், வரி கொடுத்த வாக்கைக் காட்சி காப்பாற்றவில்லையோ என்று முதலில் பாருங்கள்.