வெளிநாட்டுச் சம்பளம் எந்தக் கணக்குக்கு வருது?

(வெளிநாட்டில் வேலை பார்ப்போரின் குடும்பத்தினருக்காக விருதுநகர் மாவட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் பட்டாசு ஆலை வேலையை விட்டுட்டு துபாய், கத்தார், சிங்கப்பூர்னு போனவங்க வீட்டிலிருந்து வந்திருக்கீங்க. பணம் அனுப்புறதுல யாருக்கும் சிக்கல் இல்லை. அது எந்தக் கணக்குக்கு வருதுங்கிறதுலதான் சிக்கல். இன்னைக்கு அதை மட்டும் பார்ப்போம்.

வேலைக்காக வெளிநாடு போனவர், அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி வெளிநாடு வாழ் இந்தியர் ஆகிறார். அதன்பிறகு இங்கே அவர் வைத்திருந்த சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே தொடரக் கூடாது. மூட வேண்டியதில்லை, வங்கியில் எழுதிக் கொடுத்து என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். திருத்தங்கல் வீட்டு வாடகை, பழைய பி.எஃப். தொகை போன்ற உள்ளூர் வருமானம் எல்லாம் இதில் வரும்.

வெளிநாட்டுச் சம்பளத்துக்குத் தனியாக என்.ஆர்.இ. கணக்கு தொடங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் இதில் ரூபாயாக மாறி நிற்கும். உள்ளூர் வாடகையை, அதற்கான வரியைக் கட்டாமல் இதில் போட முடியாது. ஆனால் இதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது; அசலையும் வட்டியையும் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லலாம். டாலராகவே வைக்க நினைப்பவருக்கு எஃப்.சி.என்.ஆர். வைப்பு இருக்கிறது. இது 1 முதல் 5 ஆண்டு வரை. ரூபாய் மதிப்பு இறங்கினாலும் டாலர் குறையாது.

ஒரு உதாரணம் பார்ப்போம். வெம்பக்கோட்டைக்காரர் ஒருவர் துபாயில் சேர்த்த 5 லட்சம் ரூபாயை ஓராண்டு வைப்பில் போடுகிறார். கணக்குக்கு எளிதாக வட்டி 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 35,000 ரூபாய். என்.ஆர்.இ. வைப்பாக இருந்தால் முழுசாகக் கைக்கு வரும். அதே பணத்தை என்.ஆர்.ஓ.வில் போட்டிருந்தால் வங்கி 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத கூடுதல் தீர்வையும் பிடிக்கும். மொத்தம் 31.2 சதவீதம், அதாவது 10,920 ரூபாய் போய்விடும். மிச்சம் 24,080 ரூபாய்தான். சின்னத் தொகைக்குப் பிடிக்க மாட்டாங்கன்னு நினைக்காதீங்க, முதல் ரூபாயிலிருந்தே பிடிப்பாங்க. "வரி பிடிக்க வேண்டாம்" என்று உள்ளூர்க்காரர்கள் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிப் படிவமும் இவருக்குச் செல்லாது.

பிடித்த பணம் திரும்பக் கிடைக்குமா? இந்தியாவில் வேறு வருமானம் இல்லையென்றால் கிடைக்கும். இப்போதைய புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. ஆனால் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால்தான் பணம் திரும்ப வரும். இவர்களுக்கான படிவம் ITR-2. இன்னொன்று, "12 லட்சம் வரை வரியே இல்லை" என்று கேள்விப்பட்டிருப்பீங்க. அந்தத் தள்ளுபடி உள்நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான்.

"வீட்டுக்காரி பேரில் போட்டால் வரி இல்லையே?" என்று பலர் கேட்கிறார்கள். வீட்டுச் செலவுக்கு அனுப்புவதில் பிரச்சினை இல்லை. அந்தப் பணத்தை மனைவி பேரில் வைப்பாகப் போட்டால், வட்டி கணவரின் வருமானத்தோடுதான் சேரும். அவசரத்துக்கு மனைவி பணம் எடுக்க வேண்டும் என்பதுதான் கவலை என்றால், கணவர் தன் என்.ஆர்.இ. கணக்கிலேயே மனைவிக்கு அதிகாரக் கடிதம் கொடுத்து வைக்கலாம்.

அடுத்தது நிலம். வெளிநாடு வாழ் இந்தியர் வீட்டையும் வீட்டு மனையையும் வாங்கலாம். விவசாய நிலம் வாங்க முடியாது. நம்ம ஊர்ல "ரெண்டு ஏக்கர் காடு சல்லிசா வருது"ன்னு சொன்னதும் முன்பணம் கொடுத்துடுறோம். அப்பா வழியில் வாரிசாக வந்த காட்டை வைத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்கத்தான் தடை. முன்பணம் கொடுக்கும் முன்பே வருவாய்ப் பதிவேட்டில் அந்த இடம் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, ஊர் திரும்பும் நாள். தீபாவளிக்கு லீவில் வந்து போனால் எதுவும் மாறாது. வேலையை முடித்துவிட்டு இங்கேயே தங்குவதற்காக வந்துவிட்டால், உடனே வங்கிக்குச் சொல்ல வேண்டும். என்.ஆர்.இ. வைப்பு முதிர்வு வரை அதே வட்டியில் ஓடலாம். ஆனால் அன்றிலிருந்து அந்த வட்டிக்கு வரி விலக்கு இல்லை.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்க. வெளிநாட்டில் இருப்பவரின் பாஸ்புக்கை எடுத்து, அது சாதாரண சேமிப்பா, என்.ஆர்.ஓ.வா, என்.ஆர்.இ.யா என்று பாருங்கள். சாதாரண சேமிப்பு என்றே இருந்தால், பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், வெளிநாட்டு முகவரிச் சான்று, பான் அட்டை ஆகியவற்றின் நகல்களை அனுப்பச் சொல்லி, எப்படி மாற்றுவது என்று வங்கிக் கிளையில் கேளுங்கள்.