நாலு புள்ளியும் ஒரு மில்லிமீட்டரும்

எங்க சித்தப்பா பொண்ணு கல்யாணம், ஊர் எப்போதும்வென்றான். பத்திரிகை அட்டையில ஊர்ப்பேரை லேசர்ல வெட்டணும்னு ஆசைப்பட்டா. நாமதான் இன்ஜினியர் ஆச்சே, ஃபைல் நானே பண்றேன்னு சொல்லிட்டேன்.

முதல்ல, எழுத்து நிக்கணும், சுத்தி இருக்கிற அட்டை போகணும்னு வரைஞ்சேன். அந்தப் பேர்ல நாலு மெய்யெழுத்து, அதாவது நாலு புள்ளி. எதையும் தொடாம தனியா நிக்கிறதால நாலும் உதிர்ந்துடும். மிச்சம் ‘எபபோதுமவெனறான’!

சரி, எழுத்தையே துளையா வெட்டுவோம்னு மாத்தினேன். இப்போ புள்ளி வெறும் ஓட்டை, பிரச்சினை இல்லை. ஆனா ம, வ, ன-வுக்குள்ள மூடியிருக்கிற இடம் கழண்டு விழும். அதைப் பிடிச்சு வைக்கிற மெல்லிய அட்டைதான் பாலம். ஒரே பாலம் போட்டா துண்டு கதவு மாதிரி ஆடும். எதிரெதிரா ரெண்டு வேணும். எல்லாம் 1 மி.மீ. அகலத்துல போட்டேன்.

அப்புறம் இங்க்ஸ்கேப்ல `Path > Object to Path` கொடுத்து எழுத்தைக் கோடா மாத்தினேன். இல்லைன்னா கடைக் கம்ப்யூட்டர்ல அந்த ஃபான்ட் இல்லாம எழுத்து சிதறிடும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கிற வடிவங்களை `Path > Union` போட்டுச் சேர்த்தேன். விட்டுட்டா உள்ளே மறைஞ்சிருக்கிற கோட்டையும் மெஷின் வெட்டும்.

கோவில்பட்டியில ஒரு கடையில மாதிரி அட்டை வெட்டினோம். எடுத்ததும் பாலங்கள் பொட்டுப் பொட்டுன்னு அறுந்துது. கடைக்கார அண்ணன் சொன்னார்: “தம்பி, நீங்க ஏ4-ல வரைஞ்சிருக்கீங்க. அட்டை அகலம் 5 இன்ச். நான் சுருக்கித்தானே வெட்டணும்?”

அங்கதான் தப்பு. 210 மி.மீ. அகலம் 127 ஆகும்போது 1 மி.மீ. பாலம் 0.6 ஆயிடுது. லேசர் கதிருக்கும் அகலம் உண்டு. அந்த மெஷின்ல சுமார் 0.2 மி.மீ. எரிச்சுட்டுப் போகும். பாலத்தோட ரெண்டு ஓரத்துலயும் பாதிப் பாதி போனா மிச்சம் 0.4. ஓரமும் கருகியிருக்கும். அப்புறம் எப்படி நிக்கும்?

திரும்ப 127 மி.மீ. அகலத்துலயே வரைஞ்சேன். வெட்டின பிறகு 1 மி.மீ. மிஞ்சணும், அதனால ஃபைல்ல 1.2. அவ்வளவு பாலம் சின்ன எழுத்தை அடைச்சுடும். அதனால பேரை ரெண்டு வரியாப் பிரிச்சு எழுத்தைப் பெருசாக்கினேன்.

இந்தக் கணக்கு 250 ஜிஎஸ்எம், கிட்டத்தட்ட 0.3 மி.மீ. கனமுள்ள அட்டைக்குத்தான். ரெட்டைக் கன அட்டைக்கு மெஷின் மெதுவா ஓடணும். அப்போ கருகலும் வெட்டு அகலமும் கூடும், பாலமும் அகலமாகணும். ரொம்ப மெல்லிசா இருந்தா மெஷினோட காத்துலயே தாள் தூக்கிக்கும், வெட்டு விலகும். அதனால அச்சடிக்கப் போற அதே அட்டையில ஒண்ணு வெட்டி, விரலால லேசாத் தட்டிப் பாருங்க.

ரெண்டாவது மாதிரியை நான் தட்டினேன். ஒண்ணும் விழலை. முந்நூறுக்கும் சரின்னு சொல்லிட்டு வந்தேன்.