510 புள்ளிகள்: சந்தைச் செறிவுக் குறியீடும் நிறுவன இணைப்பும்

இரண்டு நிறுவனங்கள் ஒன்றாக இணைய விரும்பும்போது, அந்த இணைப்பு நுகர்வோரைப் பாதிக்குமா என்று பார்ப்பதற்குப் போட்டி ஆணையங்கள் முதலில் கையில் எடுப்பது ஹெர்ஃபின்டால்-ஹர்ஷ்மன் குறியீட்டைத்தான். ஒவ்வொரு நிறுவனத்தின் சந்தைப் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் அது கிடைத்துவிடும். கணக்கு இவ்வளவு எளிதாக இருப்பதாலேயே அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வோரும் உண்டு, வெறும் சடங்கு என்று தள்ளுவோரும் உண்டு. இரு தரப்பாரும் அதன் வேலையைப் பிழையாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பது என் கருத்து. நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது, எவ்வளவு வலுவான சான்று வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதுதான் அந்த எண்ணின் வேலை.

ஆல்பர்ட் ஹர்ஷ்மன் 1945இல் நாடுகளின் வெளி வணிகம் எவ்வளவு குவிந்திருக்கிறது என்று அளக்க இதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். ஓரிஸ் ஹெர்ஃபின்டால் 1950இல் அமெரிக்க எஃகுத் தொழில் பற்றிய முனைவர் பட்ட ஆய்வில் இதைக் கையாண்டார். அமெரிக்க நீதித்துறை 1968இல் வெளியிட்ட இணைப்பு வழிகாட்டு நெறிகளோ முதல் நான்கு நிறுவனங்களின் கூட்டுப் பங்கையே அளவாகக் கொண்டிருந்தன. 1982இல்தான் வர்க்கக் குறியீடு அந்த இடத்துக்கு வந்தது. ஒரே நிறுவனம் முழுச் சந்தையையும் வைத்திருந்தால் குறியீடு 10,000. பத்து நிறுவனங்கள் சமமாகப் பகிர்ந்துகொண்டால் 1,000. இணையும் இருவரின் பங்குகளையும் பெருக்கி இரட்டித்தால் போதும், இணைப்பால் குறியீடு எவ்வளவு ஏறும் என்று தெரிந்துவிடும். மற்றவர்களின் பங்கு அதற்குத் தேவையே இல்லை.

இந்த மாற்றத்தின் பயனைக் காட்ட ஒரு வழக்கை மட்டும் விரிவாக எடுத்துக்கொள்கிறேன். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புட்டியில் அடைத்த குழந்தை உணவை விற்கும் பெரிய நிறுவனங்கள் மூன்றே. கெர்பருக்கு ஏறத்தாழ 65 விழுக்காடு, ஹைன்ஸுக்கு 17, பீச்-நட்டுக்கு 15. பின்னவை இரண்டும் இணைய முன்வந்தன. பழைய நான்கு நிறுவன அளவுகோலை வைத்துப் பார்த்தால் இணைப்புக்கு முன்னும் 97, பின்னும் 97. எதுவுமே நடக்காததுபோல் தோன்றும். வர்க்கக் குறியீடோ 65, 17, 15 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டி 4,739 என்கிறது. பத்தாயிரத்தை இதனால் வகுத்தால் 2.1 வரும், அதாவது பெயருக்கு மூன்று பேர் இருந்தாலும், சமபலமுள்ள இரண்டு பேர் மட்டுமே இருக்கும் சந்தையின் செறிவு அது. 17ஐயும் 15ஐயும் பெருக்கி இரட்டித்தால் 510. நீதிமன்றப் பதிவில் தொடக்க எண் 4,775, ஏற்றம் 510. அன்றைய வழிகாட்டு நெறிகளின்படி 1,800க்கு மேற்பட்ட சந்தையில் நூறு புள்ளி ஏறினாலே அந்த இணைப்பு விலையேற்றத்துக்கு வழிவகுக்கும் என்று ஊகிக்கலாம். இங்கே ஏற்றம் அதைப்போல் ஐந்து மடங்கு.

நிறுவனங்கள் சொன்ன மறுப்பைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. கெர்பர் கிட்டத்தட்ட எல்லாப் பேரங்காடிகளிலும் இருந்தது. பெரும்பாலான கடைகள் இரண்டு பிராண்டுகளுக்கு மேல் அடுக்குவதில்லை. ஆகவே ஹைன்ஸ் இருக்கும் கடையில் பீச்-நட் இராது. ஒரே அலமாரியில் சந்தித்துக்கொள்ளாத இருவருக்கிடையே என்ன போட்டி? அதோடு பீச்-நட்டின் ஆலை பழையது. ஹைன்ஸின் ஆலை நவீனமானது, அதில் பாதிக்கும் மேற்பட்ட திறன் பயன்படாமல் கிடந்தது. இரண்டையும் ஓரிடத்தில் உற்பத்தி செய்தால் செலவு குறையும், கெர்பரை எதிர்கொள்ளும் பலம் வரும் என்று வாதிட்டார்கள். மாவட்ட நீதிமன்றம் இதை ஏற்றது. 2001 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை மாற்றியது. நிறுவனங்கள் இணைப்பைக் கைவிட்டன.

மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் காரணங்களில் ஒன்று குறியீட்டோடு நேரடித் தொடர்புடையது. தாய்மார்கள் இரண்டு புட்டிகளையும் அருகருகே பார்க்காமல் இருக்கலாம். ஆனால் அலமாரியின் அந்த இரண்டாவது இடத்துக்காகத்தான் ஹைன்ஸும் பீச்-நட்டும் பேரங்காடிகளுக்குப் பணமும் தள்ளுபடியும் கொடுத்து மோதிக்கொண்டிருந்தன. இணைந்த மறுநாள் அந்த ஏலத்தில் ஒரே ஆள்தான் நிற்பார். செலவுக் குறைப்பு வாதத்துக்கு நீதிமன்றம் வைத்த அளவுகோலும் குறியீட்டிலிருந்தே வந்தது: செறிவு இவ்வளவு உயரமாக இருக்கும்போது அசாதாரணமான சிக்கனத்தைக் காட்ட வேண்டும், அதுவும் இணைப்பில்லாமல் அடைய முடியாததாக இருக்க வேண்டும். அலமாரி ஏலம் பற்றி 510 என்ற எண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதை விசாரணைதான் கண்டுபிடித்தது. ஆனால் எண் அவ்வளவு உயரமாக இல்லாதிருந்தால், நிறுவனங்களின் விளக்கத்தை அவ்வளவு கடுமையாகச் சோதித்திருக்க மாட்டார்கள்.

இனி வலுவான ஆட்சேபத்துக்கு வருகிறேன். பங்கு என்பது எந்தச் சந்தையின் பங்கு? எல்லையை அகலமாக வரைந்தால் குறியீடு இறங்கும், குறுக்கினால் ஏறும். அப்படியிருக்க இந்த எண்ணுக்கு என்ன மதிப்பு? 1997இல் ஸ்டேப்பிள்ஸும் ஆஃபீஸ் டிப்போவும் இணைய முயன்றபோது இதுவே பிரச்சினை. காகிதமும் பேனாவும் விற்கும் எல்லாக் கடைகளையும் சேர்த்தால் இருவரின் கூட்டுப் பங்கு 6 விழுக்காடுகூட இல்லை. அலுவலகப் பொருள்களுக்கான பெருங்கடைகளை மட்டும் எடுத்தால், மிகக் குறைந்த செறிவுள்ள நகரிலேயே குறியீடு 3,500ஐத் தாண்டியது. எது சரி? மூன்று பெருங்கடைகளும் இருந்த நகரங்களைவிட ஸ்டேப்பிள்ஸ் மட்டுமே இருந்த நகரங்களில் அதன் விலை ஏறத்தாழ 13 விழுக்காடு கூடுதல் என்று விலைப் பதிவுகள் காட்டின. மூலைக்கு மூலை காகிதம் விற்கும் மற்றக் கடைகள் இருந்தும் விலை அப்படி ஏற முடிந்தது என்றால், அந்தக் கடைகள் எல்லைக்கு வெளியேதான் இருக்கின்றன. நீதிமன்றம் இணைப்பைத் தடுத்தது. ஆட்சேபம் உண்மை, ஆனால் அது குறியீட்டின் மேல் விழுவதில்லை. எல்லையை விருப்பப்படி வரைபவர் மேல் விழுகிறது. பங்குகளுக்குப் பக்கம் பக்கமாக அட்டவணை கொடுத்துவிட்டு, சந்தை எல்லையை அரைப் பத்தியில் முடித்துவிடும் ஆய்வுகள் நம் துறையில் ஏராளம்.

வரம்பெண்களைப் பற்றிய குறையும் உண்டு. அமெரிக்காவில் 1982இல் 1,800 என்றிருந்த மேல்வரம்பு 2010இல் 2,500 ஆனது, 2023இல் மறுபடி 1,800க்கு வந்தது. இது பொருளியல் கோட்பாட்டிலிருந்து பிறந்த எண்ணானால் இப்படி ஏறி இறங்குமா என்று கேட்கிறார்கள். பிறக்கவில்லை என்று நான் ஒப்புக்கொள்கிறேன். எல்லாரும் ஒரே மாதிரிப் பொருளைத் தயாரித்து, எவ்வளவு தயாரிப்பது என்பதில் மட்டும் போட்டியிடும் கூர்னோ மாதிரியில், தொழிலின் சராசரி லாப விளிம்பு குறியீட்டோடு நேர்விகிதத்தில் நகரும் என்று நிறுவ முடியும். அந்த மாதிரியிலும்கூட 1,800 என்ற இடத்தில் எதுவும் திடீரென்று உடைவதில்லை. பிராண்டுக்குப் பிராண்டு வேறுபடும் குழந்தை உணவுக்கு அந்த மாதிரியே பொருந்தாது. தீங்கில்லாத இணைப்பைத் தடுத்துவிடும் பிழை, தீங்கான இணைப்பை விட்டுவிடும் பிழை, இவற்றில் எதை அதிகம் பொறுத்துக்கொள்வது என்று ஓர் அரசு எடுக்கும் முடிவுதான் வரம்பெண்ணாக வெளிப்படுகிறது. அது ஆட்சிக்கு ஆட்சி மாறுவதில் வியப்பில்லை. மாறும்போது காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பதே நாம் கேட்க வேண்டியது. நமது 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் இப்படி எந்த வரம்பெண்ணையும் வகுக்காமல், பார்க்க வேண்டிய காரணிகளைப் பட்டியலிட்டு நின்றுவிடுகிறது. அதனால் ஆணையத்துக்குச் சுதந்திரம் கிடைக்கிறது. ஆனால் எந்தச் செறிவில் பொறுப்பு நிறுவனங்களின் பக்கம் சாயும் என்பது, இணைய நினைப்பவர்களுக்கும் தெரிவதில்லை, எதிர்ப்பவர்களுக்கும் தெரிவதில்லை. சந்தை எல்லை பற்றிய முதல் அமர்விலும் அதை அடுத்த அமர்விலும் கட்டுரையாளர்கள் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.