பாட்டி கண்டதும் பாட்டி கேட்டதும்



1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையை அடுத்து, இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் பலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களே வாழ்விடமாயின. கூடலூர்ப் பக்கத்துப் பாட்டி ஒருத்தி தன் குடும்பக் கதையைச் சொல்ல, பேரன் ஒலிநாடாவில் பதிகிறான் எனக் கொள்க. நாற்பது நிமிடப் பதிவை ஐந்து நிமிட அசைவூட்டப் படத்தின் உரையாக்க வேண்டும். எதை வெட்டுவது, எதைக் காப்பது?

பூட்டி காப்பித் தோட்டம் தேடி மன்னார்க் காட்டுவழி போனதைப் பாட்டி சொல்கிறாள்: “நடந்தாங்களாம், நடந்தாங்களாம், நாள் கணக்கா நடந்தாங்களாம்.” தன் பயணத்துக்கு வந்ததும், “தலைமன்னார்ல கப்பல் ஏறினோம்” என்கிறாள். அங்கே ‘ஆம்’ உதிர்ந்துவிடுகிறது. முன்னது கேட்ட கதை; பின்னது கண்ட வாழ்வு. கதையின் முதுகெலும்பு இந்த ஓரசை. உரையாசிரியர் இரண்டையும் திருத்தி “நடந்தனர், ஏறினர்” என்று எழுதினால், அவள் சாட்சியாக நிற்கும் இடம் அழிந்துபோகும்.

ஓவியமும் இந்த வேறுபாட்டுக்குக் கட்டுப்பட வேண்டும். ‘ஆம்’ வரும் பகுதியில் முகம் தெரியாத கரிக்கோட்டு நிழல்கள் போதும். பாட்டியே காணாத முகத்தை ஓவியர் வரைந்து காட்டுவது பொய். கப்பல் ஏறும் கணத்தில் முகமும் வண்ணமும் தகரப் பெட்டியும் துலங்கட்டும்.

அடுத்தது மும்முறை அடுக்கு. சுருக்குவோர் முதலில் வெட்டுவது இதைத்தான். வழியின் நீளத்தைச் செவிக்கு உணர்த்துவதோ அந்த அடுக்கே. அதைக் காத்து, “காடு இருண்டு கிடந்தது” போன்ற வருணனையை நீக்கலாம். இருட்டை ஓவியம் காட்டிவிடும். ‘லயம்’ என்று அவள் சொல்வதைக் ‘குடியிருப்பு’ என்று மாற்றலாகாது. வரிசை வீடுகளைப் படம் காட்டும்போது சொல் தானே விளங்கும்.

மூன்றாவது மௌனம். கப்பலில் ஏறாமல் அங்கேயே தங்கிவிட்ட தங்கையைச் சொல்லுமிடத்தில் பாட்டி நான்கு நொடி நிறுத்துகிறாள். நொடிக்கு 24 சட்டகங்கள் எனில், அது 96 சட்டகங்கள். அதை இசையால் நிரப்பும் ஆசை எழும். ஒரே ஓவியம் அசையாமல் நிற்பதே தகும். அதன்பின் பேரன் கொட்டும் “உம்” பதிவில் இருந்தால், அதையும் விட்டுவைக்க வேண்டும். அந்த ஓரசை கிடைத்த பிறகுதான் பாட்டி மேலே சொல்கிறாள்.

உரை தேறியதா என்பதை அறிய ஒரு வழி உண்டு. எழுதி முடித்ததை வீட்டார் நடுவே உரக்கப் படிக்க வேண்டும். பாட்டி மூச்சு வாங்கும் இடத்தில் படிப்பவருக்கும் மூச்சு முடிய வேண்டும். “பாட்டி இப்படிச் சொல்லமாட்டாளே” என்று ஒரு குழந்தை குறுக்கிட்டால், அந்த வரியை அடித்துவிட்டு ஒலிநாடாவுக்குத் திரும்ப வேண்டும்.