வேலை தருபவரை முதலில் விசாரிப்போம்

(பினாங்கு, ஜோர்ஜ் டவுனில் தோட்டக் குடும்பங்களின் இளைஞர்களுக்கும் பெற்றோர்க்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பால்மரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று கணினி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் வேலை ஏற்றுச் செய்கின்றனர். தட்டச்சு, மொழிபெயர்ப்பு, கணக்குப் பதிவு, படம் வரைதல் எனப் பல வகை வேலைகள் அதில் அடங்கும். 2015-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இ-ரெசெக்கித் திட்டம், குறைந்த வருமானமுடைய குடும்பங்களுக்கு இவ்வகை வேலைகளைப் பழக்கிக் கொடுத்தது. வேலை தருபவர் சிங்கப்பூரிலோ இலண்டனிலோ இருக்கலாம். நாம் அவர் முகத்தைக் காண்பதில்லை. ஆகவே வேலையை ஏற்பதற்கு முன் அவர் எப்படிப்பட்டவர் என்று விசாரிக்கும் முறையைப் பற்றி இன்று பேச விழைகிறோம்.

இது நமக்குப் புதிய சங்கடமன்று. நம் முன்னோர் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி இந்தப் பினாங்குத் துறையில் வந்திறங்கியபோது, தாங்கள் வேலை செய்யப்போகும் தோட்டத்தைப் பற்றி அவர்கள் அறிந்ததெல்லாம் கங்காணி சொன்னது மட்டுமே. துரை எப்படிப்பட்டவர், சம்பளம் ஒழுங்காகக் கிடைக்குமா என்று கேட்டறிய வேறு வழி இல்லை. 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பைத் தடை செய்யும் வரை அதே நிலைதான் நீடித்தது. இன்றைய பிள்ளைகளுக்கோ விசாரிக்கும் வழிகள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. அவற்றைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுவதுதான் குறை.

உலகெங்கும் வேலை தருபவரையும் வேலை செய்பவரையும் இணைக்கும் தளங்களில் Upwork பெரியது. அதில் ஒவ்வொரு வேலை விளம்பரத்தோடும் வேலை தருபவரைப் பற்றிய சிறு குறிப்பு ஒன்று காணப்படும். பலர் வேலையின் விவரத்தையும் தொகையையும் படித்துவிட்டு இக்குறிப்பைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். உண்மையில் முதலில் படிக்க வேண்டியது இக்குறிப்பே.

அக்குறிப்பில் “Payment method verified” என்ற சொற்கள் இருந்தால், வேலை தருபவர் கொடுத்துள்ள கடன் அட்டையையோ வங்கிக் கணக்கையோ தளத்தினர் சரிபார்த்துவிட்டனர் என்று பொருள். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அட்டை சரியானது என்பதுதான் இதன் பொருள். உங்கள் கூலிக்கான பணம் ஒதுக்கப்பட்டுவிட்டது என்பதன்று. பால் நிறுக்கும் இடத்தில் நிற்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாளியின் எடை ஒன்று, அதில் உள்ள உலர்ந்த ரப்பரின் அளவு வேறொன்று. மெட்ரோலாக்கை இட்டுப் பார்த்த பிறகுதான் பாலின் மதிப்பு தெரியும். அதுபோலவே, மொத்தத் தொகை பேசிச் செய்யும் வேலையில், வேலை தருபவர் அத்தொகையை அல்லது அதன் முதற்பகுதியைத் தளத்தின் பொறுப்பில் முன்கூட்டியே கட்டிவைக்க வேண்டும். அவ்வாறு கட்டப்பட்டது என்று உங்கள் ஒப்பந்தப் பக்கத்தில் தெரியும். அது தெரிந்த பின்னரே வேலையைத் தொடங்கலாம். பணம் கட்டிவைக்கப்பட்டிருந்தால், வேலையை முறையாகச் சமர்ப்பித்த பின் அவர் 14 நாள் வரை வாய் திறவாமல் இருந்தாலும் தொகை உங்களுக்கு விடுவிக்கப்படும். கட்டிவைக்காத வேலைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

மணிக்கணக்கில் கூலி பேசும் வேலைக்கு வேறு முறை உண்டு. தளத்தின் நேரப்பதிவுக் கருவியைத் திறந்துவைத்து வேலை செய்த நேரத்திற்கே அங்கே காப்பு. கையால் எழுதிச் சேர்த்த நேரத்திற்கு அக்காப்பு இல்லை. செக்ரோலில் ஏறாத நாளுக்குக் கிராணியிடம் கூலி கேட்டால் என்ன பதில் வரும் என்பதை நம்மவர் அறிவர்.

அடுத்து, அவர் முன்பு எத்தனை பேருக்கு வேலை தந்திருக்கிறார் என்பதைக் காண்போம். இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவது எளிது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு 20 பக்கம் மொழிபெயர்க்க வேண்டும், கூலி 300 டாலர் என்று மூவர் விளம்பரம் செய்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம்.

முதலாமவர் 2017 முதல் தளத்தில் இருக்கிறார். 42 வேலைகளை அறிவித்து 30 பேரை அமர்த்தியிருக்கிறார். அமர்த்தும் விகிதம் 71 விழுக்காடு. இதுவரை செலவிட்டது 18,000 டாலர். 18,000-ஐ 30-ஆல் வகுத்தால் ஒருவருக்குச் சராசரி 600 டாலர் வருகிறது. 300 டாலர் கூலி அவருடைய வழக்கத்திற்குப் பொருந்துகிறது, ஐயத்திற்கு இடமில்லை.

இரண்டாமவர் இந்த வாரந்தான் சேர்ந்தவர். அட்டை சரிபார்க்கப்படவில்லை, செலவு ஒன்றுமில்லை. இவரை மோசக்காரர் என்று உடனே ஒதுக்குவது நியாயமன்று. நேர்மையான ஒவ்வொருவரும் ஒரு நாள் புதியவராகத்தான் இருந்திருப்பார். அட்டையைச் சரிபார்த்து முதற்பகுதித் தொகையைக் கட்டிவைக்குமாறு அவரைப் பணிவுடன் கேட்கலாம். நேர்மையாளர் அதைத் தவறாக எண்ணமாட்டார். இரண்டு மூன்று பக்கங்களுக்கு மட்டும் சிறு ஒப்பந்தம் செய்து பார்க்கவும் கேட்கலாம்.

நம் அனுபவத்தில் மூன்றாமவரே அதிக எச்சரிக்கைக்கு உரியவர். அவருடைய அட்டை சரிபார்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே முதற்பார்வையில் நல்லவராகத் தோன்றுவார். ஆனால் 60 வேலைகளை அறிவித்து 6 பேரைத்தான் அமர்த்தியிருக்கிறார். மொத்தச் செலவு 90 டாலர். ஒருவருக்கு 15 டாலர் வீதம். 15 டாலர் கொடுத்தே பழகியவர் 300 டாலர் தருவதாக எழுதுகிறார். மேலும், விண்ணப்பிப்பவர் ஒவ்வொருவரும் இரண்டு பக்கத்தை மாதிரியாக மொழிபெயர்த்து இலவசமாக அனுப்ப வேண்டும் என்கிறார். பத்துப் பேர் ஆளுக்கு வெவ்வேறு இரண்டு பக்கம் அனுப்பிவிட்டால் அவருடைய 20 பக்கமும் முடிந்துவிடும். ஒருவரையும் அமர்த்த வேண்டியதில்லை. ஒரு சென்னும் செலவில்லை. எல்லாரும் இவ்வாறு செய்வர் என்று சொல்லவில்லை. ஆயினும் மாதிரி கேட்டால், முன்பு நீங்கள் செய்த வேலையைக் காட்டுங்கள். அல்லது நாலைந்து வரிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எண்களுக்குக் கீழே முந்தைய பணியாளர்கள் எழுதிய கருத்துகள் இருக்கும். வேலை தருபவரும் அப்பணியாளர்களைப் பற்றி எழுதியிருப்பார், அதையும் படியுங்கள். அமர்த்திய அனைவரையுமே அவர் குறை கூறியிருந்தால், குறை அத்தனை பேரிடமும் இருக்க இயலுமா என்று சிந்திக்க வேண்டும். ‘பேசியதற்கு மேல் வேலையைக் கூட்டிக்கொண்டே போனார்’ என்னும் பொருள்பட இருவர் எழுதியிருந்தால், உங்களுக்கும் அதுவே நேரும் என்று எதிர்பார்க்கலாம்.

ஒப்பந்தம் செய்வதற்கு முன்பே ‘டெலிகிராமில் வந்து பேசுங்கள், பணத்தை நேராக அனுப்புகிறேன்’ என்று ஒருவர் அழைத்தால் போகாதீர்கள். அது தளத்தின் விதிக்கு மாறானது. போனவருக்கு மேலே சொன்ன காப்பு எதுவும் இராது.

இனி உள்நாட்டு வேலைக்கு வருவோம். பாயான் லெப்பாசில் நிறுவனம் இருக்கிறது என்று முகநூலில் விளம்பரம் செய்பவருக்கு மேற்சொன்ன குறிப்பு எதுவும் கிடையாது. இங்கே நமக்குத் துணை நிற்பது எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவனப் பதிவு ஆணையம். அவரிடம் பதிவெண்ணைக் கேளுங்கள். 2019 அக்டோபர் முதல் பதிவெண் 12 இலக்கங்களைக் கொண்டதாக இருக்கிறது. முதல் நான்கு இலக்கங்கள் பதிவு செய்யப்பட்ட ஆண்டைக் காட்டும். அடுத்த இரண்டு அதன் வகையைக் காட்டும்: 01 என்றால் உள்நாட்டுக் கம்பெனி, 03 என்றால் தனியாரோ கூட்டாளிகளோ நடத்தும் வணிகம். எஞ்சிய ஆறு வரிசை எண். ‘இருபது ஆண்டு அனுபவமுள்ள செண்டிரியான் பெர்ஹாட்’ என்று சொல்பவரின் எண் 2023-இல் தொடங்கி அடுத்து 03 என்று வந்தால், சொல்லும் எண்ணும் ஒத்துப்போகவில்லை. அதற்கு அவர் விளக்கம் தர வேண்டும்.

எண் சரியாக இருப்பதோடு விசாரணையை முடித்துவிடக் கூடாது. மோசக்காரர்கள் பலர் உண்மையான நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் எடுத்துக்கொண்டு, அதன் அலுவலர் போல் பேசுகின்றனர். நிறுவனம் உண்மை, பேசுகிறவர்தான் பொய். அவர் கொடுத்த தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் உள்ள எண்ணை அழைத்து, இப்படி ஒருவர் அங்கே வேலை பார்க்கிறாரா என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை அது.

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று உங்களிடமே பணம் கேட்டால் அத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அவர் கொடுக்கும் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் காவல்துறையின் Semak Mule பக்கத்தில் (semakmule.rmp.gov.my) இட்டுப் பார்க்கலாம். அந்த எண்ணின் மீது புகார்கள் இருந்தால் அங்கே தெரியவரும். ஆனால் நேற்றுத் திறந்த கணக்கின் மீது இன்று புகார் இராது. ஆகவே புகார் இல்லை என்பதை நற்சான்றாகக் கொள்ளலாகாது. உங்கள் கணக்கில் பணம் போட்டு, அதை வேறொருவருக்கு அனுப்புவதே வேலை என்று சொல்வோரும் உளர். பிறருடைய பணத்திற்குக் கணக்கை இரவல் கொடுப்போர் மீது நடவடிக்கை எடுக்க 2024-ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டமே திருத்தப்பட்டிருக்கிறது. பணத்தை ஏற்கெனவே அனுப்பி ஏமாந்தவர்கள் தாமதமின்றி 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும். நேரம் கடந்தால் பணம் கணக்கு மாறிக் கணக்கு போய்விடும்.

பெற்றோர் ஒருவர் முன்னரே எழுதிக் கொடுத்த கேள்வி ஒன்று உள்ளது: ‘விசாரித்துத்தான் ஏற்றோம், வேலையும் முடித்துக் கொடுத்தோம், உள்ளூர்க்காரர் கூலி தரவில்லை, என்ன செய்வது?’ 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு, வழக்கறிஞர் இல்லாமல், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குத் தொடரலாம். அதற்குரிய பாரம் 198-ஆம் எண் பாரம். அதில் எதிராளியின் சரியான பெயரையும் முகவரியையும் எழுத வேண்டும். ‘முகநூலில் பேசியவர்’ என்று எழுதினால் நீதிமன்றம் யாருக்கு அழைப்பாணை அனுப்பும்? எஸ்.எஸ்.எம்.மில் சிறு கட்டணம் செலுத்திப் பெறும் நிறுவன விவரத் தாளில் பதிவுப் பெயர், முகவரி, இயக்குநர் பெயர்கள் ஆகியவை இருக்கும். வேலையை ஏற்கும் நாளிலேயே அத்தாளைப் பெற்று, பேசிய கூலி எழுதப்பட்ட செய்திகளையும் படியெடுத்து, ஒரே உறையில் போட்டு வையுங்கள்.